ஏழு கடனும் ஒரே நோட்டும்

திருப்பூர், 15 வேலம்பாளையம் பக்கத்தில் ஒரு லைன் வீடு. கணவர் ஒரு பனியன் கம்பெனியில் க்யூசி. தைத்து வரும் துணியில் குறை கண்டுபிடிப்பது வேலை. மனைவி இன்னொரு கம்பெனியில் பவர்டேபிள் டெய்லர். முன்பு இருவரும் ஒரே கம்பெனியில் இருந்தார்கள். அவர் குறை கண்டுபிடித்த பீஸ்களில் பாதி இந்த அம்மணி தைத்தவை என்பதுதான் அவர்களுடைய காதல் கதை. கல்யாணமாகி நான்காவது வருடம் ஓடிக்கொண்டிருந்தபோது, 2023 பிப்ரவரியில், இரண்டு வயதுக் குழந்தையும் ஏழு கடன்களும் இருந்தன. பெயர் போட வேண்டாம் என்றார்கள், போடவில்லை.

ஏழு என்கிற எண்ணிக்கையே அந்த பிப்ரவரியில்தான் இருவருக்கும் தெரிந்தது. அதுவரை கணவரைக் கேட்டால் ஐந்து என்று சொல்லியிருப்பார். மனைவியும் ஐந்து என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் இரண்டும் ஒரே ஐந்து அல்ல. கடன் கதைகளில் பொதுவாகச் சம்பளம் போதவில்லை, ஆடம்பரம் அதிகம் என்றுதான் எழுதுவார்கள். இங்கே இரண்டும் இல்லை. கணவர் மாதம் 24,000 ரூபாய். மனைவிக்குச் சனிக்கிழமை தோறும் வாரக்கூலி, சராசரியாக மாதம் 12,000. ஆக 36,000. வாடகை 5,500, மளிகை, பால், கேஸ் எல்லாம் 8,000, குழந்தைக்கு 2,000, பெட்ரோல், போன், கரண்ட் 3,100, ஊரில் இருக்கும் மாமியாருக்கு 2,000, இருவரின் டீ, பன், சில்லறைச் செலவு 1,000. மொத்தம் 21,600. இதில் எதைக் குறைக்கச் சொல்வது? அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்து யாராவது சிக்கனம் பேசினால் எனக்கே கோபம் வரும்.

மிச்சம் 14,400 இருக்க வேண்டும். ஆனால் கடனுக்குப் போனது 15,865.

அது எப்படி என்று பார்க்கலாம். கிரெடிட் கார்டு பாக்கி 78,000. அதற்கு மாதம் மினிமம் டியூ 3,900. தனியார் நகைக்கடன் நிறுவனத்தில் ஆறு பவுன் அடகு, 1,20,000. அதற்கு வட்டி மட்டும் 1,800. போன் தவணை 1,850, இன்னும் ஐந்து மாதம். பைக் தவணை 3,200, இன்னும் பதினான்கு மாதம். மனைவி பெயரில் குழு லோன், மாதம் 2,115, இன்னும் பதினைந்து மாதம். பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் மனைவி வாங்கிய 20,000, அஞ்சு வட்டிக்கு; மாதம் ஆயிரம். பிரசவச் செலவுக்கு மனைவியின் அண்ணன் கொடுத்த 30,000 கைமாற்று. அதற்கு வட்டியும் இல்லை, தவணையும் இல்லை. இந்த ஏழு போக மனைவி போட்டு வந்த ஏலச்சீட்டுக்கு மாதம் 2,000. சீட்டு இன்னும் எடுக்கப்படவில்லை, அதனால் அது கடன் கணக்கில் வராது.

மாதா மாதம் 1,465 ரூபாய் துண்டு விழுந்தது. அந்தத் துண்டு எங்கே விழும்? கார்டில்தான். மாசக் கடைசியில் பெட்ரோலும் குழந்தையின் பால் பவுடரும் கார்டில் தேய்க்கப்படும். இங்கேதான் கணக்கின் விஷமம். அவருடைய கார்டுக்கு மாத வட்டி மூன்றரை சதவீதம். அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 78,000-க்கு இரண்டும் சேர்ந்து 3,221 ரூபாய். ஆக 3,900 கட்டினால் அசலில் குறைவது 680-க்குக் கொஞ்சம் குறைவு. அதே மாதம் புதிதாகத் தேய்த்தது 1,465. போதாததற்கு, பழைய பாக்கியை முழுதாகக் கட்டாதவருக்குப் புதுச் செலவில் வட்டியில்லா நாட்களும் கிடையாது. தேய்த்த நாளிலிருந்தே மீட்டர் ஓடும். ஒரு மாதமும் தவறாமல் கட்டியும் பாக்கி ஏறிக்கொண்டே போனதற்கு இதுதான் காரணம். கார்டு நிறுவனம் தன்னை ஏமாற்றுகிறது என்று அவர் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம். ஏமாற்றவில்லை. ஸ்டேட்மென்ட்டில் எல்லாம் அச்சிட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள்.

இந்த நிலையில் இருவரிடமும் திட்டம் இல்லாமல் இல்லை. ஆளுக்கொன்று இருந்தது. கணவருக்குக் கார்டை அடைக்க வேண்டும். கட்டத் தாமதமானால் கம்பெனி நேரத்தில் போன் வருகிறது, லைன் சூப்பர்வைசர் முன்னால் பேச வேண்டியிருக்கிறது. மனைவிக்கு நகையை மீட்க வேண்டும். அம்மா போட்ட ஆரம், வளையல். அதற்காகத்தான் அவர் சீட்டே போட்டார். குழந்தைக்கு டெங்கு வந்து மூன்று வாரம் வேலைக்குப் போக முடியாதபோது சீட்டுத் தவணையும் குழுத் தவணையும் நின்றுவிடக் கூடாது என்று அஞ்சு வட்டிக்கு வாங்கினார். அதாவது சேமிப்பைக் காப்பாற்ற, வருடத்துக்கு 60 சதவீத வட்டியில் கடன். கணவருக்கு இது தெரியாது. கார்டு பாக்கி முப்பதாயிரத்துக்குள் இருக்கும் என்று மனைவி நினைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் ஒரு பக்கம் அடைக்க அடைக்க, இன்னொரு பக்கம் கரை உடைந்துகொண்டிருந்தது. இருவருமே யோக்கியமாகத்தான் உழைத்தார்கள்.

வெளியே வந்தது ஒரு குறுஞ்செய்தியால். தவணை இரண்டும் மாதம் 5-ம் தேதி கணக்கிலிருந்து எடுக்கப்படும். சம்பளம் வருவது 7-ம் தேதி. அந்த மாதம் கணக்கில் காசில்லாமல் இரண்டு தவணையும் திரும்பின. ஒவ்வொன்றுக்கும் வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்த நிறுவனம் ஒரு அபராதம். இரண்டு நாள் இடைவெளிக்கு மனைவியின் அரை வாரக் கூலிக்கு மேல் போய்விட்டது. "ஏனுங்க, ரெண்டு நாளைக்குத்தானே, எங்கிட்டக் கேட்டிருந்தா சீட்டுக்கு வெச்சிருந்த காசைக் குடுத்திருப்பனே" என்று மனைவி கேட்டிருக்கிறார். "சீட்டு எதுக்குப் போடறே, நகைக்கா? நகைக்கு வட்டி கட்டறது நானு" என்று அவர் சொல்ல, பேச்சு வளர்ந்து, அஞ்சு வட்டிக் கடனும் வெளியே வந்தது. அன்று ராத்திரி வீட்டில் சாப்பாடு இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குழந்தையை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து உட்கார்ந்தார்கள். முதல் வேலையாக இருவரும் போனில் கிரெடிட் ரிப்போர்ட் எடுத்தார்கள். ஒவ்வொரு கிரெடிட் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் கார்டு, நகைக்கடன், போன், பைக், குழு லோன் ஐந்தும் இருந்தன. அஞ்சு வட்டி, அண்ணனின் கைமாற்று, சீட்டு மூன்றும் இல்லை. ஊர்க் கடன் எந்த ரிப்போர்ட்டிலும் வராது. வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. கணவரும் அன்று ஒன்றைச் சொன்னார்: கார்டின் முழுப் பாக்கி.

பிறகு செய்ததுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். கடன் பத்திரங்களில் வட்டி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கும். வங்கி ஆண்டுக்குச் சொல்லும். கார்டு மாதத்துக்குச் சொல்லும். கந்துக்காரர் நூற்றுக்கு இத்தனை ரூபாய் என்பார். போன் தவணை வட்டியே இல்லை என்று சொல்லும். எல்லாவற்றையும் பார்த்தால் எது பெரியது என்று யாருக்கும் பிடிபடாது. மனைவி எல்லாவற்றையும் தெருவில் பேசும் கணக்குக்கு மாற்றச் சொன்னார்: நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய்? மாற்றி எழுதினார்கள். பக்கத்துத் தெருக்காரர் அஞ்சு வட்டி. கிரெடிட் கார்டு, ஜிஎஸ்டியோடு சேர்த்து, நாலு வட்டிக்கும் மேல். குழு லோன் ரெண்டு வட்டி. நகைக்கடன் ஒன்றரை வட்டி. பைக் ஒரு வட்டிக்குக் கொஞ்சம் மேல். போனும் அண்ணனும் வட்டியில்லை.

கணவர் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். அஞ்சு வட்டிக்கு வாங்கினாய் என்று இரண்டு நாளாக மனைவியைத் திட்டிக்கொண்டிருந்தவர், தன் சட்டைப் பையில் நாலு வட்டி இருப்பதை அப்போதுதான் பார்த்தார். பளபளப்பான அட்டை என்பதாலும் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள் என்பதாலும் அது கந்துவட்டியாகத் தோன்றாது. எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு ரூபாய்கூட வித்தியாசமில்லை.

மாதா மாதம் கடனுக்குப் போகிற 15,865-ல் வட்டி மட்டும் எவ்வளவு என்று கூட்டினார்கள். சுமார் 7,000. வாடகையைவிட அதிகம். ஆகவே முதல் இலக்கு கடனைக் குறைப்பது அல்ல, வட்டியைக் குறைப்பது என்று முடிவாயிற்று. இது கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இந்த முடிவில்தான் இருவருடைய பழைய திட்டமும் செத்தது. மனைவி நகையை மீட்பதை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுப்பது மட்டுமல்ல, அதே நகையின் மேல் இன்னும் கூடுதலாகக் கடன் வாங்கி, அவர் தேய்த்த கார்டை அடைக்க வேண்டும்.

கணக்கு இப்படி. தனியார் நிறுவனத்தில் ஒன்றரை வட்டிக்கு இருக்கும் நகையை ஒரு பொதுத்துறை வங்கிக்கு மாற்றினால் அப்போது ஆண்டுக்கு 9.5 சதவீதம், அதாவது முக்கால் வட்டிக்குச் சற்று மேல். ஆறு பவுன் என்றால் 48 கிராம். கல், அரக்கு எல்லாம் கழித்து மதிப்பீட்டாளர் நிகர எடை 46 கிராம் போட்டார். கிராமுக்கு 3,800 வீதம் 1,74,000 கிடைத்தது. நகை மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற வரம்பு அப்போது இருந்தது. பழைய கடன் அதைவிடக் குறைவாக இருந்ததால்தான் இந்த இடம் கிடைத்தது. தனியாரில் 1,20,000 அசலும் அந்த மாத வட்டியும் கட்டி, மதிப்பீட்டுக் கட்டணம் போக, 50,000 கார்டுக்குப் போனது.

நடைமுறையில் ஒரு சிக்கல். நகையை மீட்டால்தான் வங்கியில் வைக்க முடியும். வங்கியில் வைத்தால்தான் மீட்கப் பணம் வரும். பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள், அல்லது இதற்கென்றே இருக்கும் ஆட்களிடம் ஒரு நாள் கமிஷனுக்கு மாட்டுவார்கள். இவர்களுக்கு அண்ணன் இருந்தார். மளிகைக் கடை வைத்திருப்பவர். சரக்கு எடுக்க வைத்திருந்த பணத்தை ஒரு பகலுக்கு மட்டும் மாப்பிள்ளையின் வங்கிக் கணக்கில் போட்டார். காலை பத்து மணிக்கு அடகுக் கடை, பதினொன்றரைக்கு வங்கி, சாயங்காலம் நாலு மணிக்குக் கடன் தொகை கணக்கில் ஏறியது, நாலேகாலுக்கு அண்ணனுக்குத் திரும்பிவிட்டது. முன்பே வங்கிக்குப் போய், அன்று மதிப்பீட்டாளர் வருவாரா, ஆதார், பான் தவிர வேறென்ன வேண்டும் என்றெல்லாம் மனைவி கேட்டு வைத்திருந்தார். அவர் கேட்காமல் விட்டிருந்தால் அண்ணன் கடையில் மறுநாள் சரக்கு இருந்திருக்காது.

ஆனால் மனைவி சும்மா சம்மதிக்கவில்லை. அவர் வைத்த நிபந்தனைகளை நோட்டின் இரண்டாம் பக்கத்தில் பார்த்தேன். கார்டு அடைந்த அன்றே மூடப்பட வேண்டும். வட்டியில் மிச்சமாவது அத்தனையும், மற்ற பெரிய வட்டிகள் முடிந்ததும், நகைக்குத்தான் போக வேண்டும். வேறு எதற்கும் இல்லை. நகை திரும்பும் மாதம் எழுதப்பட வேண்டும். "2025 பிப்ரவரி" என்று கணவரின் கையெழுத்தில் இருக்கிறது. கீழே இருவரின் கையெழுத்து. இதைக் காட்டும்போது கணவருக்கு வெட்கமாக இருந்தது, மனைவிக்கு இல்லை.

அடுத்து சீட்டு. 50,000 ரூபாய்ச் சீட்டு, 25 பேர், மாதம் 2,000. பத்து தவணை கட்டியாயிற்று. அந்த மாதம் ஏலம் கேட்டால் தள்ளு, கமிஷன் எல்லாம் போக 38,000 கையில் வரும். கடைசி வரை பொறுத்தால் சுமார் 12,000 கூடுதலாக வரும். பன்னிரண்டாயிரத்தை விடுவதற்கு மனைவிக்கு மனசே இல்லை. மறுபடி நோட்டு. பன்னிரண்டாயிரம் என்பது பதினைந்து மாதக் காத்திருப்புக்குக் கூலி, மாதத்துக்கு 800. இப்போதே எடுத்து அஞ்சு வட்டிக் கடனை முடித்தால் மாதம் 1,000 நிற்கும். மீதி 18,000-ஐக் கார்டில் போட்டால் இன்னும் 743 நிற்கும். 800-க்கு எதிரே 1,743. எடுத்துவிட்டார். அது தெருவில் நடக்கும் சீட்டு என்பதும் ஒரு காரணம் என்றார். 1982-ம் ஆண்டின் சிட்பண்ட் சட்டப்படி பதிவாகாத சீட்டில், நடத்துபவர் ஒரு நாள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனால் கட்டியவருக்கு நோட்டுப் புத்தகம்தான் மிஞ்சும். எடுத்துவிட்டுத் தவணை கட்டுவது, கட்டிவிட்டுக் காத்திருப்பதைவிட நிம்மதி.

இந்த இரண்டு காரியமும் முடிந்தபோது மொத்தக் கடன் பெரிதாகக் குறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நகைக்கடன் கூடியிருக்கிறது, சீட்டுத் தவணை பாக்கி இருக்கிறது. ஆனால் மாத வட்டி 7,000-லிருந்து 2,800-க்கு இறங்கிவிட்டது. 1,465 துண்டு விழுந்த வீட்டில் மாதம் 3,850 ரூபாய் கையில் நின்றது. கார்டில் மீதியிருந்த 10,000 மே மாதத்துக்குள் முடிந்தது. முடிந்ததும் கார்டை மூட எழுதிக் கொடுத்தார். பாக்கி இல்லாத கார்டை, கேட்ட ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும் என்றும் தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இவருக்கு ஆறாவது நாள் மூடினார்கள். நடுவில் வேறொரு கார்டு தருவதாக மூன்று போன் வந்தது.

அதன் பிறகு சம்பளத்தைப் பிரித்ததில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. மனைவியின் வாரக்கூலி சமையலறைக்கும் குழந்தைக்கும். சனிக்கிழமை வருவது அடுத்த சனிக்கிழமைக்குள் போய்விடும். கணவரின் மாதச் சம்பளம் வாடகைக்கும் கடனுக்கும். 5-ம் தேதி தவணைக்கு 7-ம் தேதிச் சம்பளத்தை நம்பாமல், ஜூன், ஜூலை இரண்டு மாத மிச்சத்தை அப்படியே கணக்கில் விட்டார்கள், சுமார் 8,500. அதில் ஒரு மாதத் தவணை எப்போதும் நிற்கும். பவுன்ஸ் அபராதம் அதற்குப் பிறகு ஒரு முறைகூட வரவில்லை. ஆளுக்கு மாதம் 500 ரூபாய், யாரும் யாரையும் கணக்குக் கேட்கக் கூடாத காசு. 500-க்கு மேல் எந்தச் செலவும், எந்தக் கடனும் இருவரும் பேசாமல் இல்லை. சனிக்கிழமை ராத்திரி குழந்தை தூங்கியதும் நோட்டை எடுத்து எழுதுவார்கள். "ரெண்டு மூணு வாரம் எழுதாம உட்டுட்டம்னா சண்டை வருதுங்க, அதனால எழுதிருவோம்" என்கிறார் மனைவி.

திட்டம் நேர்கோட்டில் போகவில்லை. 2023 ஆகஸ்ட், செப்டம்பரில் மனைவியின் கம்பெனியில் ஆர்டர் இல்லை. வாரத்துக்கு நாலு ஷிப்ட்கூடக் கிடைக்காமல் கூலி மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. போன் தவணை ஜூலையில் முடிந்திருந்ததால் தப்பித்தார்கள். அந்த இரண்டு மாதமும் கடன் அடையவில்லை; புதிதாக வரவும் இல்லை. முன்பாக இருந்தால் இதே குறைவு ஒரு புது அஞ்சு வட்டியாக மாறியிருக்கும்.

இரண்டாவது இடி காதுகுத்து. கணவரின் அக்கா மகனுக்கு. ஒரே தாய்மாமன். கொங்கு நாட்டில் தாய்மாமன் சீர் என்றால் என்னவென்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குறைந்தது அரைப் பவுனாவது எதிர்பார்ப்பார்கள். கணவர் கம்பெனியில் முன்பணம் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தார். நோட்டில் எழுத வேண்டுமே என்பதால் மனைவியிடம் சொன்னார். மூன்று நாள் பேசி, துணிமணி, தட்டுச் சீர் எல்லாம் சேர்த்து 5,000 என்று முடிவாயிற்று. அக்காவிடம் முன்கூட்டியே நேரில் போய் நிலைமையைச் சொன்னது கணவர் அல்ல, மனைவி. அவர் போனதால் மரியாதை நின்றது, கோபம் நிற்கவில்லை. அக்கா அடுத்த பொங்கல் வரை பேசவில்லை. வட்டியை எல்லாம் கணக்குப் போடும் புத்தகங்கள் இந்தச் செலவை எங்கேயும் எழுதுவதில்லை. என் பார்வையில் இந்த இரண்டு வருடத்தில் அவர்கள் கொடுத்த பெரிய விலை இதுதான்.

தீபாவளி போனஸ் இருவருக்கும் சேர்த்து 18,000. பண்டிகைக்கு 5,000 எடுத்துவிட்டு, மீதியோடு அந்த மாத மிச்சத்தையும் சேர்த்துக் குழு லோனை முன்கூட்டியே முடித்தார்கள். ரெண்டு வட்டிக் கடன் அது. முக்கால் வட்டி நகைக்கு முன்னால் அதுதான் போக வேண்டும். நகைதான் முதலில் என்று இருந்த மனைவியே இந்த வரிசையைச் சொன்னார். மைக்ரோ பைனான்ஸ் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக் கூடாது என்பது 2022 முதல் விதியாகவே இருக்கிறது. கிளை அலுவலர் முதலில் வேறு மாதிரி சொன்னாராம், விதியைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். பைக் கடனையும் அப்படி முடிக்கலாமா என்று கேட்டார்கள். அதற்கு முன்கூட்டி அடைக்கும் கட்டணம் இருந்தது. மிச்சமாகும் வட்டியை அதுவே தின்றுவிடும். விட்டுவிட்டார்கள்.

வரிசையில் ஒரு விஷயம் இன்னும் சொல்ல வேண்டும். பெரிய வட்டி முதலில் என்பது ஒரு வழி. சின்னக் கடன் முதலில் என்பது இன்னொரு வழி. ஒவ்வொரு கணக்காக முடிந்துகொண்டே போவதைப் பார்ப்பவர்களே பாதியில் விடாமல் முழுக் கடனையும் தீர்க்கிறார்கள் என்று அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 2012-ல் எழுதினார்கள். இவர்களுடைய அதிர்ஷ்டம், சின்னதாக இருந்த 20,000-க்கே பெரிய வட்டி. பணம் கையில் வந்ததும் முதலில் போனது அதுதான். மறுநாள் காலை பால் வாங்கப் போகும்போது தெருவைச் சுற்றாமல் நேராகப் போனதை மனைவி இன்னும் சொல்கிறார்.

2024 பிப்ரவரியில் வங்கிக் கடனுக்கு ஒரு வருடம் முடிந்தது. வட்டியைக் கட்டி, அசலை 1,42,000-க்கு இறக்கி மறுபடி வைத்தார்கள். ஏப்ரலில் பைக் தவணை முடிந்தது, மே மாதத்தில் சீட்டு முடிந்தது. அதற்கப்புறம் மாதம் 13,000-க்கு மேல் நகைக் கடனுக்குப் போயிற்று. இங்கேதான் பலர் சறுக்குவார்கள். தவணை முடிந்த மாதமே கையில் காசு தங்குகிற மாதிரி இருக்கும். ஒரு ஸ்மார்ட் டிவி, ஒரு ஏசி. இவர்கள் வீட்டிலும் வாஷிங் மெஷின் பேச்சு வந்தது. "நகை வரட்டும்" என்று மனைவி சொன்னார், பேச்சு நின்றது. கணவருக்குக் கொஞ்சம் சம்பளம் கூடியது. குழந்தையின் பள்ளிக் கட்டணம் அதைச் சரியாக எடுத்துக்கொண்டது.

2025 பிப்ரவரியில் ஆரமும் வளையலும் வீட்டுக்கு வந்தன. அந்த ஜனவரியில்தான் சென்னையில் பவுன் 60,000-ஐத் தாண்டியிருந்தது. தொடக்கத்திலேயே நகையை விற்று எல்லாக் கடனையும் முடித்திருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்குமே என்று நான் கேட்டேன். 2023-ல் கணக்குப்படி அதுவும் சரியான வழிதான். விலை இப்படி ஏறும் என்று யாருக்கும் தெரியாது. ஏறாமல் போயிருந்தால் விற்றதே புத்திசாலித்தனமாக இருந்திருக்கும். அதனால் விலை ஏறியதை அவர்களின் சாமர்த்தியமாக நான் எழுதமாட்டேன். அண்ணனின் 30,000 கடைசியாக, ஏப்ரலில் போனது. வட்டியில்லாத கடன் கடைசியில்தான் வரும் என்று முதல் மாதமே அவரிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் அது இன்னொரு பேசாத உறவாகியிருக்கும்.

இந்த வழி எல்லோருக்கும் பொருந்தாது. இவர்களிடம் இரண்டு வருமானம் இருந்தது, அடகு வைத்த நகையில் இன்னும் இடம் இருந்தது, ஒரு பகல் பணம் கொடுக்க அண்ணன் இருந்தார். வட்டியை எடுத்துவிட்டால் வரவு செலவைவிட அதிகமாக இருந்தது. வட்டியே இல்லாமலும் வரவு போதாத வீட்டில் எந்த வரிசையும் வேலை செய்யாது. அப்படியிருப்பவர்கள் இன்னொரு ஆப்பில் கடன் தேடாமல், தவணை தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்த வங்கிக் கிளைக்குப் போய் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. தெருக்கடன்காரர் மிரட்டினால் தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடுப்புச் சட்டம் இருக்கிறது, மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. காவல் நிலையத்திலோ கலெக்டர் அலுவலகத்திலோ மனுக் கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன், வீட்டில் இருக்கும் இன்னொருவருக்கு அந்தக் கடன் தெரிய வேண்டும். இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள்.